ஒரே நம்பர், இரண்டு சிம்: போன் பக்கத்தில் இல்லாமல் வாட்ச்சில் அழைப்பு வருவது எப்படி?

செல்லுலார் வாட்ச் வாங்கியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "இதுல சிம்மை எங்கே போடுறது?" என்பதுதான். எங்கேயும் போட வேண்டாம். உள்ளேயே இ-சிம் சில்லு ஒன்று பதித்திருக்கிறது. இந்தியாவில் இந்த வசதி பரவலாகப் பேசப்பட்டது 2018 மே மாதம், ஆப்பிள் வாட்ச் சீரிஸ் 3-இன் செல்லுலார் மாடலை ஏர்டெல்லும் ஜியோவும் கொண்டுவந்தபோது.

பலர் நினைப்பதுபோல வாட்ச் உங்கள் போனின் சிம்மைக் கடன் வாங்குவதில்லை. அதற்கென்று தனி சந்தாதாரர் அடையாளம் உண்டு. நெட்வொர்க் பக்கத்தில்தான் இரண்டு அடையாளங்களையும் ஒரே நம்பரின் கீழ் முடிச்சுப் போடுகிறார்கள். அந்தக் காலத்து லேண்ட்லைனில் கூடத்துக்கு ஒன்று, மாடிக்கு ஒன்று என்று பேரலல் போன் வைத்திருப்போமே, அதே கதைதான். அழைப்பு வந்தால் இரண்டும் அடிக்கும். ஒன்றில் எடுத்ததும் மற்றது நின்றுவிடும்.

முடிச்சுப் போடுவது உங்கள் நிறுவனம் என்பதால் போனும் வாட்ச்சும் ஒரே நிறுவனத்தில் இருந்தாக வேண்டும். அந்த நிறுவனம் இ-சிம் கொடுத்தால் மட்டும் போதாது, வாட்ச்சுக்கான நம்பர் பகிர்வும் தர வேண்டும். உங்கள் பிளானுக்கு அது உண்டா என்பதை வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

சேர்க்கும் வேலை சின்னது. ஐபோனில் Watch ஆப்பைத் திறந்து Mobile Data (சிலவற்றில் Cellular) என்பதற்குப் போய், Set Up என்று தொடங்கும் வரியைத் தட்டினால் நிறுவனத்தின் பக்கம் திறக்கும். லாகின் செய்து, ஓடிபி கொடுத்து ஒப்புக்கொண்டால் சிம் விவரம் வாட்ச்சில் இறங்கிவிடும். சாம்சங்கில் Galaxy Wearable ஆப்பில் Mobile plans.

சேர்த்தாச்சு, வேலை செய்கிறதா? வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். போன் அருகில் இருந்தால் வாட்ச் புளூடூத்தில் போன் வழியாகவே பேசும். போன் இல்லாவிட்டால் வைஃபையைப் பிடிக்கும். மொபைல் நெட்வொர்க் கடைசியில்தான். அதனால் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, அதில் புளூடூத்தும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். வாட்ச்சில் வைஃபையை அணைத்துவிட்டு வேறு போனிலிருந்து உங்கள் நம்பருக்கு அழையுங்கள். ஆப்பிள் வாட்ச்சில் செல்லுலார் சின்னம் பச்சையாக இருந்து மணியும் அடித்தால் எல்லாம் சரி. சின்னம் வெள்ளையாக இருந்தால் பிளான் இருக்கிறது, ஆனால் இப்போது இணைப்பு வேறு வழியில் போகிறது என்று அர்த்தம்.

வெண்ணந்தூரில் இப்படிச் சோதித்தபோது ஊருக்குள் சிக்கல் இல்லை. தறி ஓடுகிற சத்தத்தில் போன் அடித்தால் காதில் விழாது, மணிக்கட்டு அதிர்ந்தால் தெரிந்துவிடும். ஊரை விட்டுத் தள்ளிக் காட்டுப் பக்கம் போனால்தான் விஷயம் மாறியது. ஓரிடத்தில் போன் 2ஜிக்கு இறங்கி அழைப்பை எடுத்துவிட்டது. அதே நிறுவனத்தில் இருந்த வாட்ச்சோ சிக்னலே இல்லை என்றது. காரணம், ஆப்பிள் வாட்ச்சில் 2ஜி ரேடியோ கிடையாது. 3ஜி உண்டு, ஆனால் ஜியோ 3ஜி நடத்தியதே இல்லை, ஏர்டெல் 2020-லேயே மூடிவிட்டது. ஆக வாட்ச்சில் பேச்சு என்பது பெரும்பாலும் 4ஜி மேல் ஓடும் VoLTE-தான். ஆன்டெனாவும் சிறியது. நீங்கள் நடக்கும் பாதையில் போனில் 4G தெரிகிறதா, அல்லது E, 2G என்று மாறுகிறதா என்று ஒருநாள் பார்த்துவிடுங்கள். மாறுகிற இடத்தில் வாட்ச்சை நம்ப முடியாது.

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் வாட்ச்சிலும் கவனம் வேண்டும். பல மாடல்கள் நாட்டுக்கு நாடு வேறு. ஜியோ 4ஜிக்குப் பயன்படுத்துவது 3, 5, 40 பேண்டுகள். அமெரிக்காவுக்கான மாடலில் இவற்றில் சில இல்லாமல் போகலாம். வாட்ச்சில் A என்று தொடங்கும் மாடல் எண்ணைப் பார்த்து, ஆப்பிள் தளத்தில் அதன் பேண்டுகளை ஒப்பிடலாம்.

கடைசியாக ஓடிபி. அழைப்பு நேராக வாட்ச்சுக்கு வருகிறது. எஸ்எம்எஸ்ஸை மட்டும் அப்படி நம்ப முடியாது. ஆப்பிள் வாட்ச்சில் அது சீராக வர, வீட்டில் இருக்கும் போன் ஆன் ஆகி நெட்வொர்க்கில் இருக்க வேண்டும். மற்ற ஆப்களின் அறிவிப்புகளுக்கும் அப்படித்தான். சார்ஜ் தீர்ந்து போன் அணைந்தால் அம்மா கூப்பிடுவது வாட்ச்சில் கேட்கும், பேங்க் அனுப்பும் ஓடிபி வராமல் போகலாம். இரண்டு சிம் போட்டிருப்பவர்களுக்கு இன்னொன்று: வாட்ச் தனியாக இருக்கும்போது அதில் இயக்கி வைத்திருக்கும் ஒரு நம்பருக்கான அழைப்பு மட்டுமே வரும். எனவே வீட்டில் எல்லோரும் எந்த நம்பருக்குக் கூப்பிடுகிறார்களோ, அதையே வாட்ச்சில் சேருங்கள்.