நெறியாளரைக் காண இயலாத நாள்களில்

நம் சமுதாயத்துப் பெண்மக்கள் இளங்கலை, முதுகலையோடு நின்றுவிடாமல் முனைவர் பட்ட ஆய்விலும் துணிந்து இறங்குவதை இன்று பல ஊர்களில் காண்கிறோம். அவர்களுடைய இல்லங்களில் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு. "நெறியாளரைப் பார்க்கவே முடியவில்லை, பார்த்தாலும் என்ன செய்யச் சொல்கிறார் என்று விளங்கவில்லை" என்பதே அது. பெற்றோர் இதைக் கேட்டு, "நீ சரியாகப் போய்க் கேட்டிருக்க மாட்டாய்" என்கிறார்கள். அல்லது அந்தப் பேராசிரியரைக் குறை கூறுகிறார்கள். இரண்டாலும் ஆய்வேடு ஒரு பக்கமும் நகர்வதில்லை. குறை கூறாமலும், அதே வேளையில் வாளாவிருந்து காலத்தை இழக்காமலும் இந்நிலையை எவ்வாறு கடப்பது என்பதை ஒரு மாணவியின் நிலையை வைத்துப் பார்ப்போம்.

அதற்குமுன் நெறியாளர் ஏன் கிடைப்பதில்லை என்பதை அறிந்துகொள்வது நல்லது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி ஒரு பேராசிரியர் 8 பேர் வரையிலும், இணைப் பேராசிரியர் 6 பேர் வரையிலும், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரையிலும் முனைவர் பட்ட ஆய்வாளர்களை ஏற்கலாம். வகுப்புகள், விடைத்தாள் திருத்தம், பாடத்திட்டக் குழு, துறைத் தலைவராயின் அதன் அலுவல்கள் ஆகிய அனைத்துக்கும் இடையில்தான் இந்த எட்டுப் பேரின் இயல்களையும் அவர் படித்தாக வேண்டும். அறுபது பக்க இயல் ஒன்றை முழுமையாகப் படிக்க ஓய்வான ஒரு நாள் வேண்டும். அந்த நாள் அவருக்கு வாய்ப்பதில்லை. ஆகவே முதற்பக்கத்தில் ஒரு சொல்லை எழுதித் திருப்பித் தந்துவிடுகிறார். இதில் பெரும்பாலும் பகையும் இல்லை, அலட்சியமும் இல்லை.

ஆனால் காலம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. அதே விதிகளின்படி முனைவர் பட்ட ஆய்வுக்குக் குறைந்த அளவு மூன்று ஆண்டுகள். மிகுந்த அளவு ஆறு ஆண்டுகள். மறுபதிவின்மூலம் இரண்டு ஆண்டுகளும், பெண்களுக்கு அதற்குமேல் இரண்டு ஆண்டுகளும் கிடைக்க வழியுண்டு என்றாலும் அத்தனை ஆண்டுகள் குடும்பம் பொறுக்க வேண்டுமே! ஓர் இயலுக்கு நான்கு மாதம் வீதம் மறுமொழிக்காகக் காத்திருந்தால் ஐந்து இயல்களுக்கு இருபது மாதங்கள் வெறுமனே கழிந்துவிடும். சிறுபான்மை மாணவர்களுக்கென இருந்த மௌலானா ஆசாத் ஆய்வு உதவித்தொகையும் 2022-23 முதல் புதியவர்களுக்கு இல்லாமற்போன நிலையில், கழியும் ஒவ்வொரு மாதமும் வீட்டுச் செலவிலிருந்துதான் கழிகிறது.

இப்போது மாணவியின் நிலைக்கு வருவோம். அவர் இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் 'மசலா' வகையை ஆய்கிறார் என வைத்துக்கொள்வோம். வினாவும் விடையுமாக அமைந்த நூல்வகை இது. 1572இல் வண்ணப் பரிமளப் புலவர் இயற்றிய ஆயிர மசலா இவற்றுள் பெயர்பெற்றது. நூறு மசலா, வெள்ளாட்டி மசலா என்பனவும் உண்டு. மாணவி மூன்றாம் இயலை எழுதிக் கொடுத்தார். இரண்டு மாதங்களுக்குப் பின் துறை அலுவலகத்தின் வாயிலில் நெறியாளர் அதைத் திருப்பித் தந்தார். முதற்பக்கத்தில் "இன்னும் ஆழம் வேண்டும்" என்று எழுதப்பட்டிருந்தது. வேறொரு குறிப்பும் இல்லை.

இவ்விடத்தில்தான் பெரும்பாலான ஆய்வாளர்கள் இடறுகிறார்கள். 'ஆழம்' என்பதற்குத் தாமாகவே ஒரு பொருள் கொண்டு, மூன்று மாதம் உழைத்து, அறுபது பக்கத்தைத் தொண்ணூறு பக்கமாக்கிக் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். "நான் இதைக் கேட்கவில்லையே" என்ற மறுமொழி வருகிறது. அதன்பின் மனம் உடைகிறது. "ஆழம் என்றால் என்ன ஐயா?" என்று நேரே கேட்டுவிடுவதும் அவ்வளவாகப் பயன்படுவதில்லை. நடந்துகொண்டே, "நூல்களை நன்றாகப் பாருங்கள் அம்மா" என்பார். அதுவும் தெளிவற்றதே. ஏனெனில் தமக்கு வேண்டியது இன்னதென்று அவரும் அந்த நேரத்தில் எண்ணிப் பார்த்திருக்கமாட்டார். குறை இருக்கிறது என்பதை உணர்கிறார். அது எங்கே இருக்கிறது என்று சொல்ல, இயலை மீண்டும் படிக்க வேண்டும். அதற்குத்தான் நேரமில்லை.

எண்ணிப் பார்த்துச் சொல்வது கடினம்; இரண்டில் ஒன்றைச் சுட்டிக் காட்டுவது எளிது. ஆகவே மாணவி முதலில் அந்தச் சொல்லுக்கு எத்தனை பொருள் இருக்கக்கூடும் என்று எழுதிப் பார்க்க வேண்டும். மூல நூல்களிலிருந்து சான்றுகள் போதவில்லை என்பதாக இருக்கலாம். மசலாவை நம் நாட்டுப்புற விடுகதை போன்ற பிற வினா-விடை மரபுகளோடு ஒப்பிடவில்லை என்பதாகவும் இருக்கலாம். பத்துச் செய்திகளைத் தொட்டுச் செல்லாமல் இரண்டை மட்டும் விரிவாக ஆராய வேண்டும் என்பதாகவும் இருக்கலாம்.

இவற்றுள் எது என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. பலர் இதை நினைப்பதே இல்லை. அதே நெறியாளரிடம் முன்னர்ப் பட்டம் பெற்றவரைத் தேடிச் சென்று, அவருடைய பழைய வரைவுகளைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அதிலும் "ஆழம் வேண்டும்" என்ற குறிப்பு இருந்தால், அடுத்த வரைவில் அவர் என்ன மாற்றினார், எதை நெறியாளர் ஏற்றார் என்பது தெரிந்துவிடும். ஒருவர் பயன்படுத்தும் திறனாய்வுச் சொற்கள் ஆண்டுதோறும் அவ்வளவாக மாறுவதில்லை. நெறியாளர் தாமே எழுதிய கட்டுரைகளும் இதற்கு உதவும். அவர் ஒரு பாடலை எடுத்துக்கொண்டு எத்தனை பக்கம் பேசுகிறார் என்று பார்த்தாலே அவர் கருதும் ஆழம் ஓரளவு புலப்படும்.

இவ்வாறு மூன்று பொருள்கள் இரண்டாகக் குறைந்தபின், இயலின் முதல் மூன்று பக்கங்களை மட்டும் இரு விதமாகத் திருத்தி எழுத வேண்டும். அறுபது பக்கமும் வேண்டா. பின்னர் ஒரு சிறு கடிதத்துடன் அதைச் சேர்ப்பிக்க வேண்டும். அக்கடிதம் ஏறத்தாழ இவ்வாறு அமையலாம்:

"மதிப்பிற்குரிய ஐயா, மூன்றாம் இயலுக்கு இன்னும் ஆழம் வேண்டும் எனக் குறித்திருந்தீர்கள். முதல் மூன்று பக்கங்களை இரு விதமாக எழுதி இணைத்துள்ளேன். 'அ' படியில் ஆயிர மசலாவின் ஐந்து வினாக்களை மட்டும் எடுத்து விரிவாக ஆராய்ந்துள்ளேன். 'ஆ' படியில் அவ்வினாக்களை விடுகதைகளோடு ஒப்பிட்டுள்ளேன். இரண்டாம் இயலில் ஒப்பீடு வந்துவிட்டதால் எனக்கு 'அ' பொருத்தமாகத் தோன்றுகிறது. தாங்கள் ஓர் எழுத்தைக் குறித்தால் போதும். வரும் 20ஆம் தேதிவரை தங்கள் கருத்து கிடைக்காவிடில் 'அ' முறையிலேயே அடுத்த பதினைந்து பக்கங்களைத் திருத்தி வைக்கிறேன். பிறகு மாற்றச் சொன்னாலும் மாற்றிக்கொள்கிறேன்."

இக்கடிதத்தைப் படிக்க ஒரு நிமிடம் போதும். மூன்று பக்கப் படிகள் இரண்டையும் பார்க்கக் கால் மணி நேரம் போதும். இரண்டு வகுப்புகளுக்கு இடையிலேயே முடிந்துவிடும் வேலை. "தாங்கள் பார்க்கவில்லை", "இரண்டு மாதமாகக் காத்திருக்கிறேன்" என்ற சொற்கள் இதில் எங்கும் இல்லை. ஆயினும் நாள் குறிக்கப்பட்டுவிட்டது. அவர் "இரண்டும் இல்லை" என்று சொன்னாலும் நட்டம் மூன்று பக்கமே. ஏன் இல்லை என்பதையும் பெரும்பாலும் அப்போதே சொல்லிவிடுவார். கையில் ஒன்று இருந்தால்தான் மறுக்கவும் வாய் வருகிறது.

"மறுமொழி வராவிடில் செய்துவிடுகிறேன்" என்ற வரியை எதற்கும் எழுதிவிடலாகாது. திருத்தி எழுதுவது, நூற்பட்டியல் தயாரிப்பது, ஏட்டுப் பிரதியைப் படியெடுப்பது ஆகியன பின்னர் மாற்றக்கூடியவை, அவற்றுக்கு எழுதலாம். தலைப்பை மாற்றுவது, ஆய்வுச் சுருக்கத்தை அளிப்பது, நெறியாளர் பெயரையும் சேர்த்துக் கட்டுரை வெளியிடுவது போன்றவற்றுக்கு அவருடைய தெளிவான இசைவு எழுத்தில் வரும்வரை பொறுத்தே ஆக வேண்டும். மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது இங்கே செல்லாது.

நேரில் ஐந்து நிமிடம் பேசக் கிடைத்தாலோ, அன்று மாலையே அவர் கூறியதை நான்கு வரியில் எழுதி, "தாங்கள் கூறியதை இவ்வாறு புரிந்துகொண்டேன், பிழையிருப்பின் திருத்த வேண்டுகிறேன்" என்று அனுப்பிவிட வேண்டும். எட்டுப் பேருக்கு எட்டு விதமாகச் சொன்னவர் அடுத்த முறை மாற்றிச் சொல்லக்கூடும். தேதியிட்ட குறிப்பு இருந்தால், "சென்ற முறை இவ்வாறு அருளினீர்கள், இப்போது இதையே கொள்ளட்டுமா?" என்று பணிவாகக் கேட்க முடியும். அவரை மடக்குவதற்கான சான்றாக அதை நீட்டினால், அதன்பின் அவர் வாயே திறக்கமாட்டார்.

சந்திக்கும் வேளையையும் அறிந்து செல்ல வேண்டும். விடைத்தாள் திருத்தும் காலத்தில் இயலைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது மேசைமேல் உறங்கும். பருவ அறிக்கை, உதவித்தொகைப் படிவம் போன்றவற்றில் அவருடைய கையொப்பம் எப்படியும் வேண்டும். கடைசி நாளில் ஓடாமல் இரண்டு வாரம் முன்னரே சென்று, படிவத்தோடு அந்த மூன்று பக்கங்களையும் நீட்டினால், பேனாவைக் கையில் எடுத்தவர் அதிலும் ஓர் எழுத்தைக் குறித்துவிடுவார்.

இத்தனையும் செய்தும் ஒரு பருவம் முழுவதும் இரண்டு கடிதங்களுக்கு ஒரு சொல்லும் வரவில்லையென்றால் இந்த முறை பலிக்கவில்லை என்று பொருள். அப்போது என்ன செய்வது? ஒவ்வோர் ஆய்வாளரும் பருவத்துக்கு ஒருமுறை ஆய்வு ஆலோசனைக் குழுவின்முன் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும் என்பது விதி. அக்குழுவைக் கூட்டுபவர் நெறியாளரே. ஆகவே மாணவி தாமே இரண்டு மூன்று நாள்களைக் குறித்து, "இவற்றுள் தங்களுக்கு எது இயலும் ஐயா?" என்று கேட்க வேண்டும். குழுவின்முன் "நெறியாளர் பார்ப்பதில்லை" என்று தொடங்கக் கூடாது. முடித்தவற்றைச் சொல்லி, "மூன்றாம் இயலில் 'அ', 'ஆ' என்ற இரண்டில் ஒரு முடிவு தேவைப்படுகிறது, அது கிடைத்தால் இரண்டு மாதத்தில் இயல் நிறைவுறும்" என்று கூற வேண்டும். நெறியாளரும் அங்கேயே அமர்ந்திருக்கிறார். பெரும்பாலும் முடிவு அங்கேயே பிறந்துவிடும். குழுவின் குறிப்பிலும் ஏறிவிடும். அக்குறிப்பின் படி ஒன்றை மாணவி வைத்துக்கொள்ள வேண்டும். அடுத்த பருவமும் அதே இடத்தில் நின்றால், துறைத் தலைவரிடம் இணை நெறியாளர் ஒருவரை வேண்டுவதற்கு அந்தப் படி தேவைப்படும்.

பெற்றோருக்கு ஒன்று சொல்ல வேண்டும். மேலே கூறியதெல்லாம் நேரமில்லாத, தெளிவாகச் சொல்லத் தெரியாத, ஆனால் நேர்மையான நெறியாளரைப் பற்றியது. பணம் கேட்பவர், வீட்டு வேலை வாங்குபவர், தனியே வரச் சொல்பவர் ஆகியோரிடம் பொறுமை காட்டுமாறு நான் எழுதவில்லை. பெண்கள் பாலியல் தொல்லைகளை முறையிடுவதற்கென 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு கல்லூரியிலேயே இருக்க வேண்டும். அங்கே புகார் செய்வது குறை கூறுவது ஆகாது. மகள் வீட்டுக்கு வந்து "நெறியாளர் சரியில்லை" என்றால், அவசரப்பட்டு அடக்காமல், இரண்டில் எதைச் சொல்கிறாள் என்று முதலில் கேட்டறியுங்கள். நேரமின்மைதான் காரணம் என்றால், மேசையில் அவள் பக்கத்தில் அமர்ந்து, அந்த மூன்று பக்கங்களில் 'அ'வும் 'ஆ'வும் எவை என்று கேளுங்கள்.