ஒரு சுடுமண் விளக்கு, இரு வகை வாங்குவோர்

கையால் செய்த சுடுமண் விளக்கை இணையக் கடையில் வாங்குவோர் பெரும்பாலும் இரு வகையினர். கிரகப்பிரவேசத்துக்கோ தீபாவளிக்கோ பரிசளிக்க வாங்குபவருக்கு, விளக்கு உடையாமல், சொன்ன நாளில், பெட்டியோடு வந்து சேருமா என்பதே கவலை. தம் வீட்டை அலங்கரிக்க வாங்குபவருக்கு அதன் அளவும் நிறமும், மேசையில் கறை படியுமா என்பதும் தெரிய வேண்டும். விற்பனைக் குறிப்பு ஒன்றே போதும். இருவரின் கேள்விகளுக்கும் அது பதில் சொல்ல வேண்டும்.

18 செ.மீ. உயரமும் 12 செ.மீ. அகலமும் உள்ள, உள்ளே டீலைட் மெழுகுவத்தி வைக்கும் துளை விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். தலைப்பு இப்படி இருக்கலாம்: “கையால் செய்த சுடுமண் துளை விளக்கு, 18 செ.மீ., பரிசுப் பெட்டியுடன்”. கைபேசித் திரையில் நீளமான தலைப்பின் வால் வெட்டுப்படும். ‘அழகிய’, ‘தெய்விக’ போன்ற அடைமொழிகளை முன்னால் வைத்தால் அளவும் பெட்டியும் கண்ணில் படாமலே போகும்.

அடுத்து விளக்கம்: “சக்கரத்தில் வனைந்து, மண் சற்று இறுகியதும் கத்தியால் துளையிட்டு, சூளையில் சுட்டது. ஏற்றினால் சுவரில் வெளிச்சப் புள்ளிகள் விழும். உயரம் அரை செ.மீ. கூடக் குறைய இருக்கலாம்.” கடைசி வாக்கியம் மிக முக்கியம். களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். கையால் வனைந்த இரண்டு விளக்குகள் அச்சாக ஒத்திருப்பதில்லை. ஜோடியாக வைக்க நினைப்பவர் இதை முன்பே அறிந்திருக்க வேண்டும். நிறமும் அப்படித்தான். மண்ணிலுள்ள இரும்பு, சூளையில் காற்று நன்றாகக் கிடைத்த பக்கம் சிவக்கும். புகை சூழ்ந்த பக்கம் கருமை ஏறும். கருமை படிந்த விளக்கின் படத்தையும் சேர்ப்பதே நேர்மை.

மெருகிடாத சுடுமண்ணில் நுண்துளைகள் இருப்பதால் எண்ணெய் கசியும். புது அகலைத் தண்ணீரில் ஊறவைக்கும் வழக்கம் கசிவைக் குறைக்குமே தவிர முற்றிலும் தடுக்காது. எனவே “டீலைட்டுக்கு மட்டும், எண்ணெய் ஊற்றினால் அடியில் கசியும்” என்று வெளிப்படையாக எழுத வேண்டும். இதை மறைத்தால் மேசையில் கறை படிந்த பிறகு புகார் வரும்.

ஊர்ப்பெயரிலும் கவனம் தேவை. மானாமதுரை மண்பாண்டங்கள் 2023இல் புவிசார் குறியீடு பெற்றவை. வேறு ஊரில் செய்த விளக்குக்கு அந்தப் பெயரைச் சூட்டக் கூடாது.

பரிசு தருபவருக்கான செய்திகள் இறுதியில் ஒரே பத்தியில் அடங்கிவிடும்: பெட்டியின் அளவு, விலைச்சீட்டு இல்லாமல் அனுப்பும் வசதி, வாழ்த்து அட்டை, உடைந்து வந்தால் எத்தனை நாளுக்குள் படத்தோடு தெரிவிக்க வேண்டும் என்ற விதி.

“நினைத்ததைவிடச் சிறியது” என்று சொல்லிப் பலர் திருப்பி அனுப்பினால், குறை பெரும்பாலும் படத்தில்தான். விளக்கைக் கையில் ஏந்திய படத்தை இரண்டாவதாக வையுங்கள்.