மின்கட்டணமும் குடும்பஸ்தனும் – 9: நிலுவைக்குத் தவணை

நாகூரைத் தாண்டிக் காரைக்கால் எல்லைக்குள் நுழைந்தால் மின்சாரம் தமிழ்நாட்டு வாரியத்தினுடையதன்று, புதுச்சேரி அரசின் மின்துறையினுடையது. அங்கே இரு மாதத்துக்கொருமுறை வரும் கணக்கு இங்கே மாதந்தோறும் வருகிறது. பழுதான மீட்டரை மாற்றிய பின் பழைய குறைவைச் சேர்த்துப் பெருந்தொகைக்குப் பில் வந்தால், தவணை கேட்கும் முன் பார்க்க வேண்டிய முதல் விஷயமே இந்த மாதக் கணக்குத்தான்.

உதாரணமாக, மெதுவாக ஓடிய மீட்டர் மாதம் 100 யூனிட் காட்டியது, புது மீட்டர் 280 காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். மாதம் 180 வீதம் பன்னிரண்டு மாதத்துக்கு 2,160 யூனிட் குறைவு. இதை ஒரே மாதத்து உபயோகமாகப் போட்டுவிட்டால், பெரும்பகுதி 300 யூனிட்டுக்கு மேற்பட்ட, விகிதம் மிக அதிகமான படிக்குப் போய்விடும். அந்தந்த மாதத்தோடு கூட்டினாலோ எந்த மாதமும் 300-ஐத் தொடாது. ஆகவே மாதவாரியான கணக்குத்தாளை எழுத்து மூலம் கேட்டு வாங்காமல் தவணைக்கு விண்ணப்பிப்பது, அதிகப்படியான கடனைத் தானே சம்மதித்து ஏற்பதற்குச் சமானம்.

தவணை என்பது 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் தரும் உரிமையன்று, அதிகாரியின் அனுமதி. எனினும் அதே சட்டத்தின் 56-ஆவது பிரிவு இரண்டு அனுகூலங்களைத் தருகிறது: பதினைந்து முழு நாள் எழுத்து நோட்டீஸ் இன்றி இணைப்பைத் துண்டிக்கலாகாது, தொகையை ஆட்சேபிப்பவர், கேட்ட தொகையையோ முந்திய ஆறு மாதச் சராசரிப்படி மாதந்தோறும் வரும் கட்டணத்தையோ, எது குறைவோ அதை ஆட்சேபத்துடன் செலுத்தினால் தகராறு தீரும்வரை விளக்கு அணையாது. இதை அறியாமல் நகையை அடகு வைக்க ஓடுபவர்கள்தாம் அதிகம்.

ஆகவே விண்ணப்பத்தில், "கணக்கைக் குறித்த என் ஆட்சேபத்துக்குப் பாதகமின்றி, நடப்புப் பில்லை முழுவதும் செலுத்தி, நிலுவையை இத்தனை சம தவணைகளில் செலுத்த அனுமதிக்க வேண்டுகிறேன்; பிழை மீட்டருடையதாகையால் தாமதக் கட்டணம் விதிக்கலாகாது" என்று எழுதுக. குடும்ப வருமானம் தாங்கக்கூடிய தவணையையே கேட்க வேண்டும். தவறினால் அனுமதி பறிபோகலாம். மீட்டர் மாற்றிய அறிக்கையின் பிரதியை இணைத்து, நகலில் தேதி முத்திரை பெற்றுக்கொள்ள வேண்டும்.

காலங்கடந்து வந்த பில்லானால் இன்னொன்றுண்டு: தவறான கட்டணப் பிரிவைப் பற்றிய ராஜஸ்தான் வழக்கொன்றில் உச்ச நீதிமன்றம் 2020-இல், இரண்டாண்டு கடந்தபின் கண்ட பிழைக்காகக் கூடுதல் தொகை கேட்கலாம், ஆனால் அதற்காக இணைப்பைத் துண்டிக்க முடியாது என்றது.

அலுவலகம் மறுத்தால் அந்த முத்திரையிட்ட நகலோடு நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றத்துக்கும், அங்கும் தீராவிடில் மின்குறைதீர்ப்பாளருக்கும் போகலாம்.

(தொடரும்)