வலி தீர்க்கும் மருந்தும் வலிப்பு நோயும்

'வலித்தல்' என்னும் சொல்லுக்கு நோதல் என்றும் இழுத்தல் என்றும் தமிழில் பொருள் உண்டு. உடல் நோவை வலி என்கிறோம்; கைகால்கள் தம்மையறியாமல் இழுத்துக்கொள்வதை வலிப்பு என்கிறோம். ஒரு வேரினின்று கிளைத்த இச்சொற்கள் இரண்டும் டிரமடால் என்னும் மருந்தில் மீண்டும் ஒன்று சேர்கின்றன. வலியைத் தீர்ப்பதற்காக உண்ணப்படும் அம்மருந்து சிலருக்கு வலிப்பை வருவித்துவிடும். அச்சிலர் யாவர், அவ்வாறு நிகழ்வது ஏன் என்பதை ஈண்டுக் காண்போம்.

சுங்கை ஆயர் தாவார் தொடங்கிக் கோலசிலாங்கூர் வரையுள்ள தோட்டங்களில் செம்பனைக் குலை வெட்டுவோரின் வேலை முதுகையும் தோளையும் வருத்துவது. நீண்ட கம்பின் நுனியில் பூட்டிய அரிவாளை அண்ணாந்து இழுத்துக் குலையை வீழ்த்த வேண்டும். வீழ்ந்த குலையைத் தூக்கிச் சுமக்கவும் வேண்டும். அவ்வலிக்குப் பாராசிட்டமால் போதாதபோதும், வயிற்றுப் புண்ணோ சிறுநீரகக் குறையோ இருந்து வேறு வலி மாத்திரைகள் ஆகாதபோதும், மருத்துவர் டிரமடாலை எழுதித் தருவதுண்டு. "மார்பின் போலக் கடுமையானதன்று, வயிற்றையும் புண்ணாக்காது" என்ற நற்பெயர் அதற்கு உண்டு. அப்பெயரில் பாதி உண்மை இருக்கிறது. மறு பாதியை அறியாமையே கேட்டுக்கு வழியாகிறது.

மேற்கு ஜெர்மனியில் 1977-இல் விற்பனைக்கு வந்த மருந்து இது. அமெரிக்காவில் 1995-இல் இசைவு பெற்றது. மறு ஆண்டிலேயே, இதனை உண்டவர்களிடம் வலிப்புக் காணப்படுவதாக அந்நாட்டு மருத்துவர்களுக்கு எச்சரிக்கை விடுக்கப்பட்டது. இந்தியா 2018-இல் இதனைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது.

டிரமடால் ஒரே மாத்திரையாயினும் உடலினுள் இரண்டு மருந்துகளாக வேலை செய்கிறது. விழுங்கிய வடிவில் அது மூளையிலும் தண்டுவடத்திலும் செரட்டோனின், நார்அட்ரினலின் என்னும் இரு நரம்புப் பொருள்களை மிகுவிக்கிறது. உளச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகள் பலவும் செய்வது இவ்வேலையே ஆகும். பின்னர்க் கல்லீரலிலுள்ள ஒரு நொதி அதன் ஒரு பகுதியை எம்-1 என்னும் வேறு பொருளாக மாற்றுகிறது. மார்பின் பற்றும் இடத்தைப் பற்றி வலியை அடக்குவதில் பெரும்பங்கு இந்த எம்-1-க்கே உரியது. அந்நொதியின் பெயர் சி.ஒய்.பி. 2டி6. இனி வருவதனைத்தும் இந்நொதியைச் சுற்றியே நிற்கிறது.

எடுத்துக்காட்டாக ஒரு தொழிலாளியை எண்ணிக்கொள்வோம். மனைவியை இழந்தபின் உறக்கமும் பசியும் கெட்ட அவருக்கு, ஒரு கிளினிக்கில் ஃபுளுவாக்செட்டின் 20 மில்லிகிராம் நாள்தோறும் தரப்படுகிறது. சில மாதங்கள் கழித்து முதுகுவலிக்காக வேறொரு கிளினிக்கிற்குச் செல்கிறார். மனநோய் மருந்து உண்பதைச் சொல்ல நாணி மறைத்துவிடுகிறார். அங்கு டிரமடால் 50 மில்லிகிராம், நாளைக்கு மூன்று வேளை என எழுதப்படுகிறது.

ஃபுளுவாக்செட்டின் மேற்சொன்ன நொதியின் வேலையைத் தடுத்து நிறுத்தும் இயல்புடையது. ஆகவே அவருடலில் எம்-1 போதிய அளவு உண்டாவதில்லை, வலி அடங்குவதில்லை. மாற்றப்படாத டிரமடாலோ இரத்தத்தில் தேங்குகிறது. வலிப்பைத் தூண்டுவதும் செரட்டோனினைப் பெருக்குவதும் இத்தேங்கிய பொருளே. அதாவது, மருந்தின் நன்மை குறைந்து தீமை வளர்கிறது. இஃதறியாத அவர், "இம்மருந்து லேசானது, அதனால்தான் கேட்கவில்லை" என்று கருதி வேளைக்கு இரண்டாக உண்கிறார். நாளைக்கு 300 மில்லிகிராம் ஆயிற்று. பெரியவர்க்கு மேல்வரம்பு 400 ஆதலால், எண்ணிக்கை அளவில் அவர் இன்னும் வரம்புக்குள்தான் இருக்கிறார். ஆனால் அவ்வரம்பு நொதி தடைப்படாத உடலை எண்ணி வகுக்கப்பட்டது.

மூன்றாம் நாள் அவருக்குக் காரணமின்றி வியர்க்கிறது, கை நடுங்குகிறது, வயிற்றுப்போக்கும் அமைதியின்மையும் காண்கின்றன, கால் தசைகள் துடிக்கின்றன. இவை செரட்டோனின் மிகுதியின் குறிகள். வீட்டார் காய்ச்சல் என்றோ குடித்திருக்கிறார் என்றோ எண்ணிவிடுவது இயல்பு. அன்றிரவே வலிப்பு வரினும் வியப்பில்லை. இத்தகைய குறிகள் எதுவுமின்றி வலிப்பே முதலில் வருதலும் உண்டு.

ஃபுளுவாக்செட்டினைப் போலவே பராக்செட்டின், புப்ரோபியான் ஆகியவையும் இந்நொதியை வலுவாகத் தடுப்பவை. செர்ட்ரலின் அத்துணைத் தடை செய்யாதாயினும் செரட்டோனினைக் கூட்டும். நரம்பு வலிக்கு இரவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் வலிப்பின் வாய்ப்பை உயர்த்தும். ஃபுளுவாக்செட்டினை நிறுத்தினாலும் அதன் தடை உடனே நீங்காது. சில வாரங்கள் நிலைத்திருக்கும்.

மருந்தே உண்ணாதவர்களிடத்தும் இந்நொதி ஒரே தன்மையாய் இருப்பதில்லை. பிறவியிலேயே சிலருக்கு அது மெதுவாகவும் சிலருக்கு மிக விரைவாகவும் வேலை செய்யும். இந்நாட்டிலேயே, மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கான் சியூ ஹுவா முதலிய ஆய்வாளர்கள் அறுவை சிகிச்சை பெற்ற நோயாளிகளிடம் இதனை ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டனர். நொதி மெதுவாக உள்ளவர்களின் உடலில் டிரமடால் நீண்ட நேரம் தங்கியதையும், அவர்களிடம் பக்க விளைவுகள் கூடுதலாக இருந்ததையும் அவர்கள் கண்டனர். அடுத்த வீட்டுக்காரருக்கு ஒத்துக்கொண்ட மாத்திரை நமக்கும் ஒத்துக்கொள்ளும் என்பதற்கு உறுதியில்லை என்பது இதனால் விளங்கும்.

முன்பே வலிப்பு வந்தவர், தலையில் அடிபட்டவர், மிகுதியாகக் குடிப்பவர், குடியைத் திடீரென நிறுத்தியவர் ஆகியோருக்கு எழுதித் தந்த அளவிலேயே வலிப்பு வரலாம். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு மருந்து எளிதில் வெளியேறாது. ஆகவே அளவைக் குறைத்து இடைவெளியைக் கூட்ட வேண்டும். பன்னிரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது தரத்தக்கதன்று. இவற்றுள் எதுவும் இல்லாத ஒருவர் உரிய அளவில் சில நாள் உண்ணும்போது வலிப்பு அரிதே என்பதையும் சொல்லியாக வேண்டும். மருந்தின்மேல் அச்சம் வேண்டா. அதனை உண்பவர் யார் என்ற கேள்வியே வேண்டும்.

வலிப்புக் கண்டவிடத்துக் கையில் இரும்பைத் திணிப்பது நம்மவர் வழக்கம். அதனாற் பயனில்லை. பற்களுக்கிடையே எதையும் நுழைத்தல் தீங்கு. அருகிலுள்ள கூரிய பொருள்களை அகற்றி, தலைக்கு அடியில் துணியை மடித்து வைத்து, இழுப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். உடனே 999-ஐ அழைத்து, வீட்டிலுள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் மருத்துவமனைக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

மேலே கூறிய தொழிலாளி அட்டைகளை மேசைமேல் வைத்திருந்தால், இரண்டாம் மருத்துவர் வேறு மருந்து தேர்ந்திருப்பார். அஞ்சித் தாமாகவே ஏதேனும் ஒன்றை நிறுத்துதலும் ஆகாது. நாட்பட உண்ட டிரமடாலைத் திடீரென விட்டால் உடல் தவிக்கும். உளச்சோர்வு மருந்தை விட்டால் பழைய துயர் மீளும். எதைக் குறைப்பது, எதை மாற்றுவது என்று மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். "உரிய அளவு உண்டும் வலி அடங்கவில்லை" என்று அவரிடம் உரைப்பதே ஒரு முக்கியச் செய்தியாகும். அச்சொல் கேட்ட மருத்துவர் அளவைக் கூட்டுமுன் நொதியைத் தடுக்கும் மற்றொரு மருந்து உள்ளதா எனக் கேட்பார். கேளாவிடின், நோயாளியே நாணமின்றி அதனை எடுத்துக் கூறுதல் நன்று.