மணல் கலையாமல் தேதியை எடுப்பது

1990-களில் எடுத்த குடும்பப் படங்கள் பலவற்றில், வலது கீழ் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு தேதி இருக்கும். கேமராவுக்குள் இருந்த சிறு விளக்கு ஃபிலிம் மேலேயே பதித்த எண்கள் அவை. படத்தைப் பெரிதாக்கி மாட்ட நினைக்கும்போதுதான் அவை கண்ணை உறுத்தும். பின்னணி வெறும் வானம் என்றால் போட்டோஷாப்பில் நொடியில் அழித்துவிடலாம். கடற்கரை மணல் மேல் தேதி விழுந்திருந்தால்தான் சிக்கல். குளோன் பிரஷ், மணல் துகளோடு அந்த இடத்து வெளிச்சத்தையும் சேர்த்தே தூக்கிவரும். வெயில் மணலை நிழலில் வைத்தால் ஒட்டுப்போட்டது அப்பட்டமாகத் தெரியும். ஹீலிங் பிரஷ் சுற்றியுள்ள நிறத்தைக் கலந்துகொள்ளும். பக்கத்தில் அடுத்த எண் இருந்தால் அந்த ஆரஞ்சையும் இழுத்துவந்து பூசிவிடும்.

இங்கே கைகொடுப்பது ஃபிரீக்வென்சி செப்பரேஷன். படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் ஒரு லேயரிலும், துகள், கீறல் போன்ற பொடி விவரங்களை இன்னொரு லேயரிலும் பிரித்து, இரண்டையும் தனித்தனியாகச் சரிசெய்யும் முறை இது.

4 x 6 அங்குலப் படம் ஒன்றை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்ததாக வைத்துக்கொள்வோம். எண்ணின் கோடு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவான தடிமன் என்றால் திரையில் சுமார் 10 பிக்சல் வரும். படத்தை இரண்டு நகல் எடுத்து, கீழ் நகலுக்கு Gaussian Blur கொடுக்க வேண்டும். ரேடியஸை மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், எண்களின் வடிவம் கரைந்து ஆரஞ்சுக் கறையாக மட்டும் நிற்கும் இடம் ஒன்று வரும். இந்தப் படத்துக்கு அது 10, 12 அளவில் இருக்கும். அங்கே நிறுத்திவிட வேண்டும். இன்னும் கூட்டினால் காலடிப் பள்ளங்களின் நிழலும் மேல் லேயருக்குப் போய்விடும். அப்புறம் பிரித்ததற்கே அர்த்தமில்லை.

மேல் நகலைத் தேர்ந்தெடுத்து Image > Apply Image திறந்து, Layer என்ற இடத்தில் மங்கலாக்கிய லேயரைக் காட்டி, Blending: Subtract, Scale: 2, Offset: 128 என்று கொடுக்க வேண்டும். இது 8 பிட் படத்துக்கான கணக்கு. மேல் லேயர் சாம்பல் நிறமாகி, கல்வெட்டிலிருந்து எடுத்த மைப்படி போலத் துகள்களை மட்டும் காட்டும். அதன் பிளெண்டிங் மோடை Linear Light ஆக்கினால் பழைய படம் அப்படியே திரும்பி வரும். வராவிட்டால் எண்களில் ஏதோ தவறு. அதைச் சரிசெய்யாமல் மேலே போகக் கூடாது.

மேல் லேயரில் குளோன் பிரஷ்ஷை Current Layer-க்கு மாற்றி, பக்கத்து மணலை எண்கள் மேல் வைக்க வேண்டும். பெரும்பகுதி வெளிச்சம் இந்த லேயரில் இல்லாததால், சற்று வெளிச்சம் மாறிய இடத்திலிருந்தும் எடுக்கலாம். ஆனால் அதே கிடைமட்ட வரிசையிலிருந்து எடுப்பது நல்லது. கேமராவுக்கு அருகில் துகள் பெரிதாகவும் தொலைவில் சிறிதாகவும் இருக்கும். மாற்றி வைத்தால், காரணம் சொல்லத் தெரியாதவர்களுக்குக்கூட ஏதோ சரியில்லை என்று படும். உச்சி வெயில் மணலின் துகள் நிழல் மணலில் முரடாகத் தெரியும் என்பதையும் மறக்கக் கூடாது.

அடுத்தது கீழ் லேயர். பலர் தடுமாறுவது இங்கேதான். முகத் தோலைச் சரிசெய்யச் சொல்லித்தரும் பாடங்களில், தேர்ந்தெடுத்த பகுதியை மறுபடி மங்கலாக்கு என்பார்கள். தேதிக்கு அது உதவாது. ஆரஞ்சு போகாது, பரவத்தான் செய்யும். வெளியிலிருந்து சுத்தமான நிறம் கொண்டுவர வேண்டும். மென்மையான விளிம்புள்ள குளோன் பிரஷ்ஷால், அதே வெளிச்சமுள்ள பக்கத்து இடத்தை எடுத்துக் கறை மேல் வைத்தால் போதும். இந்த லேயரில் துகளே இல்லாததால் ஒட்டு தெரியாது.

கறை எண்ணின் விளிம்போடு நிற்பதில்லை, ரேடியஸைப் போல இரண்டு மடங்கு தூரம் வெளியே பரவியிருக்கும். மேல் லேயரிலும் அதே அகலத்தில் எண்ணைச் சுற்றி நீலம் கலந்த ஒளிவட்டம் இருக்கும். இரண்டு லேயரிலும் 25 பிக்சல் வரை தாராளமாக வெளியே போய்ச் சரிசெய்ய வேண்டும். எண்ணை மட்டும் அழித்தால் அதன் ஆவி அங்கேயே நிற்கும். கண்டுபிடிக்க எளிய வழி, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு Curves லேயர் போட்டு, கான்ட்ராஸ்ட்டை அளவுக்கு மீறி ஏற்றிப் பார்ப்பது. மிச்சமிருக்கும் தேதி பளிச்சென்று எழும்பும். திருத்தியபின் அந்த லேயரை நீக்கிவிடலாம்.

இதே வழியில் பிறர் படத்தின் வாட்டர்மார்க்கையும் அழிக்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் உரிமைத் தகவலைத் தெரிந்தே அனுமதியின்றி நீக்குவது இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 65B பிரிவின் கீழ் குற்றம்.

இந்த முறை எண்களுக்கு அடியில் இருந்த மணலை மீட்டுத் தருவதில்லை, பக்கத்து மணலை அங்கே வைக்கிறது. மணலுக்கு அது போதும். தேதி ஒரு சேலைக் கரையின் மேலோ குழந்தையின் கால்விரல் மேலோ ஏறியிருந்தால் போதாது. அங்கே கரையின் கோட்டைக் கையால் தொடர்ந்து வரைய வேண்டும், அல்லது அந்த ஒரு எண்ணை விட்டுவிட வேண்டும். தப்பான விரலைவிட ஆரஞ்சு எண் எவ்வளவோ மேல். எப்படியானாலும் முதல் ஸ்கேனைத் தனியாக வைத்துவிட்டு, அழிக்கும் தேதியைக் கோப்பின் பெயரில் எழுதிவிட்டே வேலையைத் தொடங்குங்கள்.