என்ட்ரோபிக்கு மீட்டர் கிடையாது

வெப்பநிலை மாறாமல் ஒரு வாயுவை விரியவிட்டால் அதன் அக ஆற்றல் எவ்வளவு மாறும்? இயற்பியல் பட்டப்படிப்புத் தேர்வுகளில் இந்தக் கேள்வி கீழ்க்கண்ட சமன்பாட்டை நிறுவச் சொல்லி வரும்:

(∂U/∂V)_T = T(∂P/∂T)_V − P

அடைப்புக்குறிக்குக் கீழே இருக்கும் எழுத்து, எதை மாறாமல் பிடித்து வைத்திருக்கிறோம் என்பதைச் சொல்கிறது. அதை எழுத மறந்தால் சமன்பாட்டுக்கே பொருள் இல்லை.

தொடக்கம் எளிது. dU = TdS − PdV என்பது அடிப்படை விதி. வெப்பநிலையை மாற்றாமல் dV-யால் வகுத்தால், (∂U/∂V)_T = T(∂S/∂V)_T − P. பலரும் திகைத்து நிற்பது இங்கேதான். கன அளவு கூடும்போது என்ட்ரோபி (S) எவ்வளவு கூடுகிறது என்று நேரடியாகக் காட்ட எந்த மீட்டரும் இல்லை. அந்த உறுப்பை அளக்கக்கூடிய ஒன்றாக மாற்றியாக வேண்டும்.

நான்கு வெப்ப இயக்கவியல் ஆற்றல்களில் எதை எடுப்பது? நம் தொல்லை உறுப்பில் மாறுவது V, நிலையாக இருப்பது T. இவ்விரண்டையும் இயல்பான மாறிகளாகக் கொண்டது ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆற்றல், F = U − TS. அதன் சிறு மாற்றம் dF = −SdT − PdV. F-ஐ முதலில் T-யாலும் பிறகு V-யாலும் வகையிட்டாலும், வரிசையை மாற்றி வகையிட்டாலும் விடை ஒன்றே. ஒரு வழியில் −(∂S/∂V)_T வருகிறது, மறுவழியில் −(∂P/∂T)_V. ஆக, இரண்டும் சமம். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பெயரால் வழங்கும் நான்கு தொடர்புகளில் இது ஒன்று. மூடிய கலத்தைச் சூடாக்கி அழுத்தமானியைப் பார்த்தாலே வலப்பக்கம் கிடைத்துவிடும். அதை மேலே பொருத்தினால் கேட்ட சமன்பாடு வந்துவிடுகிறது.

ஒரு மோல் இலட்சிய வாயுவுக்கு P = RT/V. பொருத்திப் பார்த்தால் விடை சுழி. அதாவது அக ஆற்றல் கன அளவைப் பொறுத்ததே அல்ல. வான் டெர் வால்ஸ் வாயுவுக்கு P = RT/(V−b) − a/V². இப்போது RT/(V−b) கழிந்துபோய் a/V² மிஞ்சுகிறது. மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதைக் குறிக்கும் அதே a! ஈர்ப்பை மீறி விலகத்தான் அந்த ஆற்றல். வெறும் குறியீட்டு வித்தை என்று சலித்துக்கொள்பவர்களுக்கு இந்த ஒரு வரி போதும்.

மதிப்பெண் போவது பெரும்பாலும் குறியில்தான். கிப்ஸ் ஆற்றலில் dG = −SdT + VdP என்பதால் (∂S/∂P)_T = −(∂V/∂T)_P. இங்கே கழித்தல் குறி உண்டு, மேலே இல்லை. அலகைச் சரிபார்த்தால் இந்தப் பிழை சிக்காது, இயற்பியலாக யோசித்தால் சிக்கும். அழுத்தினால் வாயுவின் என்ட்ரோபி குறையும், சூடாக்கினால் கன அளவு கூடும். எனவே ஒன்று குறை, மற்றது மிகை.

நான்கு தொடர்புகளையும் மனப்பாடம் செய்வதைவிட நான்கு ஆற்றல்களின் சிறு மாற்றங்களை எழுதிப் பழகுங்கள். தொடர்பும் குறியும் அதிலிருந்தே வரும்.