மெட்ஃபார்மின்: முதல் சில வாரங்கள்

என் சித்தி மெட்ஃபார்மின் தொடங்கிய மூன்றாம் நாளே மாத்திரையை நிறுத்திவிட்டார். ஓயாத குமட்டல், நாலைந்து முறை பேதி, காபி குடித்தாலும் நாக்கில் இரும்புச் சுவை. கேட்டபோதுதான் தெரிந்தது: காலையில் வெறும் வயிற்றில் 1000 மி.கி. விழுங்கியிருக்கிறார்.

இந்த மருந்து இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அதிகமாகக் குடல் சுவரில் சேர்கிறது. அங்கே பித்த உப்புகள் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது. மிஞ்சியவை பெருங்குடலுக்கு இறங்கி நீரை இழுப்பதால் மலம் இளகுகிறது. உமிழ்நீரிலும் மருந்து கொஞ்சம் கலக்கிறது. உலோகச் சுவை அதனால்தான். நாளாக ஆகக் குடல் இதற்குப் பழகிக்கொள்கிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தொல்லை தணிந்துவிடும்.

சித்திக்கு மருத்துவர் இரவுச் சாப்பாட்டோடு 500 மி.கி. மட்டும் கொடுத்து, வாரம்தோறும் மெல்லக் கூட்டினார். மூன்றாம் வாரம் காபி காபியாகவே ருசித்தது. அப்படியும் அடங்காதவர்களுக்கு மெதுவாகக் கரையும் மாத்திரை உண்டு.

ஆனால் வாந்தியும் பேதியும் கடுமையாகி உடலில் நீர் வற்றினால் பொறுத்திருக்கக் கூடாது. சிறுநீரகம் தளர்ந்தால் மருந்து உடலிலேயே தேங்கும். அன்றே மருத்துவரைக் கேட்டு, தற்காலிகமாக நிறுத்த வேண்டிவரும்.